எல்லா நாளும் வைரம்

அன்று அந்த ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள்: கார் கழுவும் கடையை நடத்தும் மகள், கார்களுக்கு மெருகேற்றும் மாப்பிள்ளை, ஷெட்டுக்கு உரிமையாளரான சம்பந்தி, கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் தங்கை மகன், இவர்கள் எல்லாருக்கும் மேலாகக் குடும்பத்தின் தலைமையில் இருந்த பெரியவர். தங்கை மகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேமராவை நிறுத்தும் முக்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டே அலைவதால் அவனுக்கே முக்காலி என்று பெயர் வந்துவிட்டது. ஆறாவதாக இருந்தது சம்பந்தியின் கறுப்புக் கார். அதன் அழுக்கைப் பற்றிப் பெரியவர் பெருந்தன்மையாக எதுவும் பேசவில்லை. ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கறுப்புதானே சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார்.

"ரீலுக்கு அழுக்கு வேணும்னு உங்க தங்கச்சி பையன்தான் சொன்னான். ரெண்டு மாசமா தொடைக்காம வெச்சிருக்கேன்" என்றார் சம்பந்தி.

"அதுக்கு முன்னாடி எத்தனை மாசம்?"

மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் பெரியவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் கவலை அவருக்குத் தெரியும். கடை திறந்ததிலிருந்து ஷெட் பாதி நாள் காலியாகத்தான் கிடந்தது. மாதக் கடைசிக்குள் வேலை வந்து நிறையாவிட்டால் இடத்தைப் பக்கத்து டயர் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவதாகச் சம்பந்தி சொல்லியிருந்தார். மகனும் மருமகளும் அவருடைய அலுவலகத்தில் வந்து உட்காரலாமாம். பெரியவரின் மகள் இன்னொருவர் அலுவலகத்தில், அதுவும் சம்பந்தி அலுவலகத்தில், மணி அடித்தால் எழுந்து நிற்பதா? அந்த நினைப்பு வந்தாலே அவருக்கு முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிரும்.

இந்த ரீலைத்தான் எல்லாரும் மலைபோல் நம்பியிருந்தார்கள்.

முக்காலி விளக்கினான். "போனை ஒரே எடத்துல பூட்டி வெச்சுடுவேன் மாமா. பத்து நொடிக்கு ஒரு படம், அதுவா எடுத்துக்கும். காலைல அழுக்கு, சாயங்காலம் கண்ணாடி. நாள் முழுக்க எடுத்தாலும் ஓட்டிப் பார்த்தா ஒண்ணரை நிமிஷம்கூட வராது. அதையும் வெட்டி அரை நிமிஷம் ஆக்கிடுவேன். ஒரே நிபந்தனை, போனை யாரும் தொடக்கூடாது. நடுவுல யாரும் தேவையில்லாம அலையக்கூடாது. அலைஞ்சா ஈ பறக்கற மாதிரி தெரியும்."

"அப்போ அசையாம இருக்கறவங்க?"

"அசையாம இருந்தா நல்லா தெளிவா விழுவாங்க."

பெரியவருக்கு அது போதும். குடும்பத்தின் கடை, குடும்பத்தில் ஒரு பெரிய மனிதர் இல்லாமல் உலகத்தின் முன் போய் நிற்பது முறையல்ல. பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால் மேல் இரண்டு கை, நேர் கொண்ட பார்வை. அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே பலர் விடுப்பு கேட்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"மாமா, அங்க வேணாமே" என்றான் முக்காலி.

"நான் அசைய மாட்டேன். நீ உன் வேலையைப் பாரு."

மாப்பிள்ளை வேலையை ஆரம்பித்தார். முதலில் சக்கரங்கள். பிறகு அழுத்தத் தண்ணீர் அடித்து மேல் மண்ணை உதிர்த்தார். நுரைத் துப்பாக்கியால் கார் முழுவதும் வெள்ளையாக மூடினார். நுரை காய்வதற்குள் கழுவிவிட்டு, இரண்டு வாளி வைத்துக்கொண்டார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் கையுறையை அலசும் வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழ்நோக்கித்தான் தேய்த்தார்.

"மேலேருந்து ஏன் மாப்பிள்ளை?" பெரியவர் உதடு அசையாமல் கேட்டார்.

"கீழ்ப்பக்கம்தான் மாமா மணல் அதிகம். அதைத் தேய்ச்ச கையோட மேல போனா பெயின்ட்ல கீறல் விழும்."

மேலே இருப்பவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு பெரியவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு நடந்தவை அவருக்கு அவ்வளவு கோர்வையாக நினைவில் இல்லை. ஒட்டிய துகள்களை எடுக்க, களிமண் போன்ற ஒரு கட்டியை வழவழப்பான திரவத்தோடு பெயின்ட் மேல் ஓட்டியது நினைவிருக்கிறது. ரப்பர் ஓரங்களுக்கு நீல நாடா ஒட்டியதும் நினைவிருக்கிறது. மெருகு மெஷினின் ரீங்காரம் தொடங்கியது. மதிய வெயில் வெளியே நின்றது. ரீங்காரம் தொடர்ந்தது. மறுபடி நன்றாக நினைவுக்கு வரும்போது மாப்பிள்ளை சின்னச் சின்னப் பகுதியாக, பளபளப்பைக் காக்கும் செராமிக் கோட்டிங் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியின் கார் சம்பந்திக்கே அடையாளம் தெரியாமல் நின்றது.

"ராத்திரி முழுக்க இப்படியே நிக்கட்டும்பா. தண்ணி படக்கூடாது" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் முக்காலி, பெரியவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரீலை வெட்டிக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்கு அதை வெளியிடுவதாகத் திட்டம். அதன் கடைசியில் மூன்று பேக்கேஜும் வரிசையாக வந்து விழும். வெள்ளி என்றால் நுரைக் கழுவல், சக்கரம், உள்ளே தூசி உறிஞ்சுவது. ஒரு மணி நேர வேலை. தங்கம் என்றால் அதோடு களிக்கட்டி, மெழுகு, இருக்கைகளை ஆழமாகச் சுத்தம் செய்வது, அரை நாள். வைரம் என்றால் மெருகும் கோட்டிங்கும். ஒரு முழு நாள், அன்றைக்கு ஷெட்டில் வேறு கார் நுழைய முடியாது. அதற்குக் கீழே ஸ்லாட், அதாவது நாளும் நேரமும், பதிவு செய்யும் பக்கத்துக்கு ஓர் இணைப்பு. முன்பணம் கிடையாது. பெயரும் போன் நம்பரும் போதும்.

மகள் அந்தப் பக்கத்தை மதியமே திறந்து வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிட்டு முடித்த பெரியவர் தம் போனில் அதைத் திறந்து பார்த்தார். இரண்டு வாரத்துக்கு நாட்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாளிலும் மணி வாரியாகக் கட்டங்கள். எல்லாம் பச்சை.

"பச்சைன்னா என்னடா?"

"காலின்னு அர்த்தம் மாமா. யாராவது எடுத்துட்டா சாம்பல் ஆயிடும்."

பெரியவர் மறுபடி பார்த்தார். கல்யாண மண்டபத்தில் மாலை வரவேற்பு தொடங்கி, மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, எதிரே நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும்? அதையே இப்போது பச்சை நிறத்தில் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் ஊர் முழுக்க இதைப் பார்க்கப்போகிறது. சம்பந்தி பார்க்கப்போகிறார். டயர் கடைக்காரர் பார்க்கப்போகிறார்.

"இதை மூடி வைக்க முடியாதா?"

"மூடினா எப்படி மாமா பதிவு பண்ணுவாங்க?" முக்காலி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரீலுக்குள் போய்விட்டான்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் நாளைத் தொட்டார். பெயர் கேட்டது. "வக்கீல்" என்று எழுதினார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வக்கீல், குடும்பத்துக்கே பெருமை. போன் நம்பர் கேட்டது. அண்ணன் நம்பர் மனப்பாடம் இல்லை. தம் நம்பரைப் போட்டார். எந்தப் பேக்கேஜ் என்று கேட்டது. வெள்ளியைப் பார்த்தார். நம் குடும்பத்து வக்கீல் வெள்ளியா எடுப்பார்? வைரத்தைத் தொட்டார். அந்த நாள் முழுவதும் ஒரே தொடுதலில் சாம்பல் நிறமானது.

இவ்வளவு சுலபமாகக் கௌரவத்தைக் காப்பாற்ற வேறு எந்தத் துறையிலும் வழி இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளுக்கு டாக்டர். அதற்கடுத்து கல்லூரி முதல்வர், பிறகு பொறியாளர், பிறகு வங்கி மேலாளர் என்று வரிசை நீண்டது. டாக்டருக்கு ஸ்கூட்டர்தான் இருக்கிறது, முதல்வர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு காரையே விற்றுவிட்டார், பொறியாளர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஆனால் இவர்களிடம் கார் இருந்தால் வைரம்தான் எடுப்பார்கள் என்பதில் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை. உறவில் பெரிய பதவிக்காரர்கள் தீர்ந்தபோது இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அவற்றை மூத்த மைத்துனருக்கும் இளைய மைத்துனருக்கும் ஒதுக்கினார். அவர்களுக்கும் வைரமே கொடுத்தார். மனைவி வீட்டார் விஷயத்தில் பாகுபாடு காட்டினார் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

மாலையில் ரீல் வெளியானது. எல்லாரும் ஷெட்டில் நின்றபடி மகளின் போனில் பார்த்தார்கள். அழுக்குக் கார் வந்து நின்றது. நுரை ஒரு நொடியில் மூடியது, மறு நொடியில் வழிந்து போனது. மாப்பிள்ளை காரைச் சுற்றி எறும்புபோல ஓடினார். நீல நாடாக்கள் தோன்றி மறைந்தன. கார் கறுப்புக் கண்ணாடியாக மாறியது. அருமையான வேலை.

பெயர்ப்பலகைக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் ஒருவர் இருந்தார். அவர் தலை மட்டும் ரீலின் பாதியிலிருந்து முன்னும் பின்னும், முன்னும் பின்னும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. உடம்போ கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் இருந்தது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"கேமரா கோளாறு" என்றார் பெரியவர்.

"ஆமா மாமா" என்றான் முக்காலி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கருத்துகள் மளமளவென்று வந்து விழ ஆரம்பித்தன. மகள் வாசித்தாள். 'அந்த மூலையில மரங்கொத்தி யாரு?' 'காரை விடுங்க, பெரியவருக்கு என்ன கோட்டிங் போட்டீங்க, சட்டைல ஒரு சுருக்கம்கூட இல்ல.' 'வைரம் பேக்கேஜ்ல அவரும் கூட வருவாரா?' 'நாங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கற மாதிரியே இருக்கார்.' ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்பி, அவர் நாலு பேருக்கு அனுப்பி, ரீல் காட்டுத்தீயாகப் பரவியது.

பெரியவர் முகம் சிவந்தது. ஆனால் மகள் பதிவுப் பக்கத்தைத் திறந்ததும் வாயில் கை வைத்தாள். "எல்லாம் புக் ஆயிடுச்சு. ரெண்டு வாரமும். எல்லாமே வைரம்." அவள் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை அவள் தோளைத் தட்டினார். சம்பந்தி போனை வாங்கி, தூரமாக வைத்துப் பார்த்து, கிட்டே வைத்துப் பார்த்தார்.

"வக்கீல், டாக்டர், முதல்வர். பெரிய இடமாத்தான் இருக்கு" என்றார். "நாளைக்கு நானும் வரேன்மா. முதல் வைரத்தை நான் பார்க்கணும்."

மகளின் சந்தோஷத்தைப் பார்த்தபோது பெரியவர் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சம்பந்தி எதிரே நின்றார். சொல்லவில்லை.

மறுநாள் காலை ஷெட் பளிச்சென்று இருந்தது. வாளிகள், மெஷின், புதுத் துணிகள் எல்லாம் தயார். சம்பந்தி வந்து, நேற்றுப் புகழ்பெற்ற அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பெரியவர் நிற்க வேண்டியதாயிற்று.

வக்கீல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிவப்புக் கார் வந்தது. ஓட்டிவந்த பெண், "ஸ்லாட்டே கிடைக்கல, நேரா வந்துட்டேன். ஒரு வெள்ளியாவது போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், இன்னிக்கு முழு நாளும் ஒரு வைரம் இருக்கு" என்று மகள் திருப்பி அனுப்பினாள். அடுத்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். அவரையும் அனுப்பினாள். மூன்றாவதாக வந்தவர் தங்கம் வேண்டுமென்றார், பெரியவரோடு ஒரு படமும் வேண்டுமென்றார். இரண்டும் கிடைக்காமல் போனார். டயர் கடைக்காரர் வாசலில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு கார் திரும்பும்போதும் பெரியவர் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"ஒரு போன் பண்ணிப் பாரேன்" என்றார் மாப்பிள்ளை. கடைக்கென்று வாங்கிய புதுப் போனில் இன்னும் யார் பெயரும் ஏற்றப்படவில்லை. மகள் பதிவுப் பக்கத்தில் வக்கீலின் பெயரைத் தட்டினாள். அழைப்பு போனது.

பெரியவரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் நிதானமாக எடுத்தார். இரண்டடி தள்ளிப்போய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குரலைக் கனமாக்கிக்கொண்டார். "ஹலோ. வக்கீல் நீதிமன்றத்துல இருக்கார்."

"எப்போ வருவார் சார்?" என்றாள் மகள், போனிலும் நேரிலும்.

"வாய்தா வாங்கியிருக்கார். காரைப் பத்தி அவரே பேசுவார்."

"அப்பா."

"அப்படி யாரும் இங்க இல்ல."

"அப்பா, நீங்க என் முன்னாடி நிக்கறீங்க."

பெரியவர் போனை வைத்தார். திரும்பவில்லை. மகள் அடுத்த பெயரைத் தட்டினாள், டாக்டர். அவர் பையில் மணி அடித்தது. முதல்வர். அவர் பையில் மணி அடித்தது. மூத்த மைத்துனர் வரைக்கும் அவள் போகவில்லை.

சம்பந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சம்பந்தி, உங்க ஒருத்தர்கிட்டயே இத்தனை கார் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா கல்யாணத்துல இன்னும் நல்லா கவனிச்சிருப்பேன்."

இப்போது பெரியவர் திரும்பினார். "நாலு பேர் பார்க்கற எடத்துல என் பொண்ணு கடை காலின்னு காட்டுது. நான் சும்மா இருக்கணுமா?"

"மாமா," என்றார் மாப்பிள்ளை மெதுவாக, "காலின்னு காட்டினா, 'வாங்க'ன்னு அர்த்தம்."

மகள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் காலி ஷெட்டைப் பார்த்தாள், சிவப்புக் கார் போன தெருவைப் பார்த்தாள். "காலைலேருந்து மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்பா. வராத வக்கீலுக்காக" என்றாள்.

பெரியவர் தம் போனை நீட்டினார். "எல்லாத்தையும் ரத்து பண்ணு."

"நான் பண்ண முடியாது. உங்க நம்பருக்குத்தான் ரகசிய எண் வரும். நீங்களேதான் பண்ணணும்."

சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டார். பெரியவர் உட்கார்ந்தார், முதுகு நேராக. வக்கீலின் பதிவைத் திறந்தார். ரத்து செய்வதற்கான காரணத்தைக் கேட்டது. கீழே மூன்று வரிகள் தயாராக இருந்தன: திட்டம் மாறிவிட்டது, காரை விற்றுவிட்டேன், வேறு கடை கிடைத்துவிட்டது.

"வேறு கடையா? நம்ம கடையை விட்டுட்டு நம்ம வக்கீல் வேற கடைக்குப் போவாரா?"

"எதையாவது தொடுங்க மாமா" என்றான் முக்காலி.

நான்காவதாக 'பிற காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெரியவர் அதைத் தேர்ந்தெடுத்து, அலுவலகத்தில் எழுதிப் பழகிய நடையில், தவிர்க்க இயலாத அலுவல் காரணமாக வக்கீல் அவர்கள் வர இயலாமைக்கு வருந்துகிறார் என்றும், கடையின் தரத்தில் அவருக்கு எள்ளளவும் குறை இல்லை என்றும் எழுதி முடித்தார். எல்லாரும் நின்று காத்திருந்தார்கள். ரகசிய எண் வந்தது, போட்டார். முதல் நாள் பச்சையானது.

முக்காலி அதற்குள் ரீலின் கீழே, 'ஸ்லாட் திறக்குது, பார்த்துக்கிட்டே இருங்க' என்று போட்டுவிட்டான். பெரியவர் டாக்டரின் வருத்தத்தை எழுதத் தொடங்கியபோது முதல் நாளின் ஒரு கட்டம் சாம்பலானது. பிறகு இன்னொன்று. மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தச் சிவப்புக் கார் மேடம்தான். பதினோரு மணி, வெள்ளி."

"வெள்ளியா?" பெரியவர் முகம் சுளித்தார்.

"ஒரு வைரம் இருந்த எடத்துல ஏழு வெள்ளி போகும் மாமா" என்றார் மாப்பிள்ளை, ஏற்கெனவே வாளியில் தண்ணீர் பிடித்தபடி.

பெரியவர் வேகத்தைக் கூட்டினார். முதல்வர் சுருக்கமாகவே வருந்தினார். பொறியாளருக்குக் கப்பல் புறப்பட்டுவிட்டது. அவர் ஒரு நாளைத் திறந்துவிடுவதற்குள் அதற்கு முந்தைய நாள் நிறைந்துகொண்டே வந்தது. பாதி வெள்ளி, கொஞ்சம் தங்கம், முன்பின் தெரியாத ஒருவர் நிஜமாகவே வைரம். இளைய மைத்துனரின் நாளை அவர் ரத்து செய்து முடித்த கையோடு அதில் ஒரு தங்கம் வந்து உட்கார்ந்தது. மைத்துனருக்காக அவர் எழுதிய வருத்தக் குறிப்பை யாரும் படித்திருக்க முடியாது. அவ்வளவு வேகம்.

சிவப்புக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. நுரைத் துப்பாக்கி சீறியது. டயர் கடைக்காரர் வாசலிலிருந்து, "அண்ணே, எடம் விஷயம்…" என்று சம்பந்தியிடம் ஆரம்பித்தார்.

"எடமா? எங்க இருக்கு எடம்? கார் நிக்குது பாருங்க" என்றார் சம்பந்தி. பிறகு மருமகளிடம் திரும்பி, "பில்லை ஒழுங்கா போடும்மா. உங்கப்பா பேர்ல யாராவது தள்ளுபடி கேட்டா கொடுக்காதே. ஊர் பூரா அவர் சொந்தக்காரங்கதான்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, அவர் கையிலிருந்த போனை மெல்ல வாங்கிக்கொண்டாள். "போதும்பா. எல்லாம் முடிஞ்சுது. தண்ணி தெறிக்கும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். வர்றவங்க என்னைத்தானே தேடறாங்க" என்றார் பெரியவர்.

அவருடைய மூளையைப் பற்றி இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. எல்லா ஸ்லாட்டும் தீர்ந்துவிட்டது போலக் காட்டி, ஜனங்களை ஏங்க வைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது அவர் முன்கூட்டியே போட்ட வியாபாரத் திட்டம் என்கிறார்கள். டயர் கடைக்காரர்கூட வந்து அதன் நுணுக்கத்தைக் கேட்டுப் போனார். அது உண்மையல்ல. அப்படி ஒரு திட்டம் எதுவும் இருக்கவில்லை.